சொந்தக் காயத்தைப் பாட்டாக்குவது: பெயரும் ஊரும் மாறலாம், வலி மாறக்கூடாது

வீட்டுக்குள் நடந்த ஒரு மனக்காயத்தை வைத்துப் பாட்டு எழுத நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. காதல் தோல்வியை இங்கே எடுக்கவில்லை, அதில் ஆளை மறைப்பது சுலபம். உடன்பிறந்தவர், பெற்றவர், நெருங்கிய உறவு தந்த காயத்தில்தான் சிக்கல். அதுவும் பர்மாவில், ரங்கூனிலோ மோல்மேனிலோ தமிழ்க் குடும்பங்கள் ஒன்றையொன்று கோயிலிலும் கல்யாணத்திலும் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு வரி பாடினால் போதும், "இது அந்த வீட்டுக் கதைதானே" என்று பின்வரிசையில் பேச்சு கிளம்பிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கதையைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். ஒரு தங்கச்சி எழுதிய பாட்டு அது. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் "உண்மையில் நடந்தது" என்று இங்கே சொல்வதும் ஏற்கெனவே ஒரு முறை மாற்றியதுதான், தேட வேண்டாம்.

## 1. உட்காரும் முன் தேவையானவை

முதலில் ஒரு தனி நோட்டு. போனில் எழுதாதீர்கள். வீட்டில் ஒரே போனைப் பலர் எடுப்பார்கள், எழுதியது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அடுத்து ஒரு மெட்டு, அல்லது கையால் தட்டக்கூடிய ஒரு தாளம். மெட்டு இல்லாமல் தொடங்கினால் கட்டுரைதான் வரும்.

மூன்றாவதாக இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு உங்கள் கதை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவருக்குக் கொஞ்சம்கூடத் தெரிந்திருக்கக் கூடாது. இவர்கள் வேலை கடைசியில்தான். ஆனால் கதை தெரியாத ஆளை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும். எழுதும்போது ஆற்றாமையில் அவரிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அப்புறம் சோதிக்க ஆள் கிடைக்காது.

காயம் எவ்வளவு பழையதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மாதக் கணக்கு எதுவும் இல்லை. நடந்ததை ஒருவரிடம் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வரிசையாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பாதியில் பேச்சு திரும்பி அந்த ஆளைத் திட்டுவதிலேயே நின்றுவிட்டால் இன்னும் நேரம் வரவில்லை.

## 2. நடந்ததை நிஜப் பெயரோடு எழுதுங்கள்

முதல் பக்கத்தில் மறைப்பு எதுவும் வேண்டாம். பெயர், ஊர், தேதி, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அப்படியே வரட்டும். எதுகை மோனை பக்கமே போகாதீர்கள்.

புதிதாக எழுத வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பயத்தில் முதல் வரியிலேயே ஆளை மறைக்கத் தொடங்குவார்கள். என்ன நடந்தது என்பது தங்களுக்கே தெளிவாகும் முன் மறைத்தால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெரியாமல் போய்விடும். அப்படி எழுதிக் கொண்டுவரும் பாட்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

> நம்பிய நெஞ்சை நொறுக்கிவிட்டாய்
> நன்றியை மறந்து நடந்துவிட்டாய்

மோனை சரியாக இருக்கிறது, மெட்டிலும் உட்காரும். ஆனால் இதைக் காதலனுக்கும் பாடலாம், கடையில் பங்குதாரர் ஏமாற்றினாலும் பாடலாம். பாட்டை எழுதியவருக்கு என்ன நடந்தது என்பதற்கு இதில் ஒரு தடயமும் இல்லை.

அந்தத் தங்கச்சி தன் முதல் பக்கத்தில் எழுதியதன் சுருக்கம்: அம்மா நோயில் கிடந்தார், தங்கச்சிதான் கூட இருந்து பார்த்தார். அண்ணன் சிங்கப்பூரில். போன் மணி அடிக்கும்போதெல்லாம் "அவனா?" என்று அம்மா கேட்பார். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா சமயம், தெருவெல்லாம் பாட்டும் கூத்துமாக இருந்தபோது அம்மா போய்விட்டார். அண்ணன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "வளையல் எங்கே?" என்று கேட்டார். அம்மா கடைசியில் என்ன சொன்னார், எப்படிப் போனார் என்று அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தைப் பாட்டு முடியும் வரை பத்திரமாக வையுங்கள்.

## 3. முள் எங்கே என்று தேடுங்கள்

காயம் பெரிதாகத் தெரிந்தாலும் குத்தியது ஒரு சின்ன இடமாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் அதே அளவு வலித்தால் அது முள் இல்லை.

தங்கச்சியிடம் கேட்டுப் பார்த்தோம். அண்ணன் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால்? "வந்ததும் அதையே கேட்டிருந்தால் அப்போதும் இதே வலிதான்." ஆக, தாமதம் முள் இல்லை. வளையலைக் கேட்டதே தப்பா? "இல்லையே, பத்து நாள் கழித்துக் கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்." ஆக, நகை மேல் ஆசை என்பதும் முள் இல்லை. அப்படியென்றால்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அம்மாவைப் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி அதைக் கேட்டாரு. நான் எடுத்து ஒளிச்சு வச்ச மாதிரி கேட்டாரு."

இரண்டு விஷயங்கள் வந்துவிட்டன. ஒன்று கேள்விகளின் வரிசை, எது முதலில் வந்தது, எது வரவே இல்லை என்பது. இன்னொன்று அந்தக் கேள்விக்குள் இருந்த சந்தேகம். பாட்டில் இந்த இரண்டும் நின்றால் போதும், மற்றதெல்லாம் போகலாம்.

இதை ஒரே வாக்கியமாக நோட்டின் மேல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: "போனவளைப் பற்றிக் கேட்கும் முன், என்னைச் சந்தேகப்பட்டு, அவள் பொருளைக் கேட்டது." ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் உங்களிடம் இரண்டு பாட்டு இருக்கிறது. பிரித்து எழுதுங்கள்.

## 4. அழகான செய்தியை விட்டுவிடுங்கள்

தண்ணீர்த் திருவிழா விஷயத்தில் தங்கச்சி ரொம்ப நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே ஊரே நனைந்து கூத்தாடுகிறது, உள்ளே அம்மா கிடக்கிறார் என்றால் எந்தப் பாட்டுக்காரனுக்கும் கை பரபரக்கும். ஆனால் முள்ளோடு அதற்கு ஒட்டு இல்லை. மழைக்காலத்தில் நடந்திருந்தாலும் அந்தக் கேள்வி அதே கேள்விதான்.

அதோடு, திருவிழா நாளில் நடந்த சாவை ஊரே நினைவில் வைத்திருக்கும். அழகும் அடையாளமும் இப்படி ஒரே செய்தியில் ஒட்டிக்கொண்டிருந்தால், முள் இல்லாதபட்சத்தில் வெட்டிவிடுவதே நல்லது. இன்னொரு பாட்டுக்கு அது உதவும்.

## 5. உறவு, பொருள், இடம், பெயர்: இந்த வரிசையில் மாற்றுங்கள்

பெரும்பாலானவர்கள் பெயரை முதலில் மாற்றுவார்கள். பெயர் கடைசியில்தான் வர வேண்டும். உறவு மாறினால் பொருள் மாறும், பொருள் மாறினால் இடமும் பேச்சும் மாறும். மேலே உள்ளதை முடிக்காமல் கீழே உள்ளதைத் தொட்டால் திரும்பத் திரும்ப அழிக்க வேண்டிவரும்.

உறவு. "அண்ணனை அண்ணியாக்கிவிடலாமா?" என்று முதலில் யோசித்தோம். கூடாது. அண்ணி கேட்டால் அது ஊரில் ஆயிரம் முறை கேட்ட மாமியார் வீட்டுச் சண்டை. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளை கேட்டதால்தான் வலித்தது. அக்காவாக மாற்றலாம், அது பொருந்தும். ஆனால் தமிழில் இதைவிட வசதியான ஒரு வழி இருக்கிறது: "மூத்த புள்ள". ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. "கேட்டான்", "கேட்டாள்" என்று வரும் இடத்தில் "கேட்டுச்சு" என்று போட்டால் போதும். பொய்யும் சொல்லவில்லை, ஆளும் தெரியவில்லை.

பாடுகிற ஆளுக்கும் இதே வசதி உண்டு. "நான் பார்த்தேன், நான் கேட்டேன்" என்பதில் பாடுவது மகனா மகளா என்று தெரியாது. மறைப்பு கலைவது பெரும்பாலும் படர்க்கை வினையில்தான், அதனால் பாட்டு முடிந்ததும் வினைமுற்றுகளை மட்டும் தனியாக ஒரு முறை படித்துப் பாருங்கள்.

யாரைப் பார்த்துப் பாடுவது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். அண்ணனைப் பார்த்து "நீ" என்று பாடினால் வழக்கு மன்றம் மாதிரி ஆகிவிடுகிறது. அம்மாவைப் பார்த்துப் பாடினால் ஒப்பாரியின் போக்கு வருகிறது. ஒப்பாரியில் உறவுகள் மேல் உள்ள குறையைப் போனவரிடமே சொல்லி அழுவது நம் பெண்களுக்குப் பழகிய வழி, கேட்பவர்களும் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொருள். வளையல் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், மாற்றியே ஆக வேண்டும். தையல் மிஷின் என்று போட்டுப் பார்த்தார். அம்மா மிதித்த மிஷின், சத்தம் வரும், பாட்டுக்கு நல்லதுதான். ஆனால் "மிஷின் எங்கே?" என்று யார் கேட்பார்கள்? மூலையில் கண்ணுக்கு நேரே நிற்கும். ஒளித்து வைத்தாய் என்ற சந்தேகம் அதோடு போய்விட்டது. முள்ளில் பாதி காணவில்லை.

மாற்றுப் பொருளுக்கு அதே குணம் வேண்டும்: சின்னது, அம்மா உடம்போடு இருந்தது, ஒளிக்க முடிந்தது, காசு சம்பந்தப்பட்டது. இதை எழுதி வைத்துத் தேடியபோது பெட்டிச் சாவி வந்தது. முந்தானையில் முடிந்து வைக்கும் சாவி. "பொட்டிச் சாவி எங்கே?" என்றால் பணமும் வருகிறது, சந்தேகமும் வருகிறது.

இடம். ஊரை மாற்றும்போது அந்த ஊரோடு வரும் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். மோல்மேனில் கதையை வைத்து, "மொட்டமாவில் இறங்கிப் படகேறி வந்தான்" என்று ஒருவர் எழுதினார். மொட்டமாவையும் மோல்மேனையும் இணைக்கும் தான்லுவின் ஆற்றுப் பாலம் 2005-இல் திறந்தாயிற்று. அந்த ஒரு வரியால் கதை பாலத்துக்கு முந்தைய காலத்துக்குப் போய்விட்டது, அடுத்த சரணத்திலோ செல்போன் அடிக்கிறது. கேட்பவர் அங்கேயே பாட்டை விட்டு வெளியே வந்துவிடுவார்.

தங்கச்சி ஊரைப் பெகு ஆக்கினார், ரயில் பாதை ஓரமாக ஒரு வீடு. போன் மணிக்குப் பதிலாக ரயில் கூவல். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா எதிர்பார்ப்பது அப்படியே நிற்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் கவனிக்காமல் நுழைந்தது. சிங்கப்பூரிலிருந்து வர நாளாகும், அண்ணனுக்கு ஒரு சாக்கு இருந்தது. ரயிலில் வரக்கூடிய தூரம் என்று ஆனதும் அந்தச் சாக்கு போய், நிஜத்தைவிடக் கெட்டவராகிவிட்டார். மாற்றும்போது எதிராளியின் குற்றம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் அது பழிவாங்கல், கேட்பவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "எட்டாத் தூரம் போன புள்ள" என்று ஒரு சொல் சேர்த்து அந்தச் சாக்கைத் திருப்பிக் கொடுத்தோம்.

பெயர். முடிந்தால் பெயரே வேண்டாம். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த விதி, இன்றைக்கும் நல்ல விதிதான். பெயர் இல்லாமல் முடியவே முடியாது என்றால் அசை மாறாத பெயராக எடுங்கள். "முருகையா" இருந்த இடத்தில் "அழகப்பா" உட்காரும், இரண்டுமே நிரை, நேர், நேர். "செல்வம்" என்று போட்டால் தாளத்தில் ஒரு இடம் காலியாக நிற்கும்.

பர்மாவில் நமக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. பலருக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மியப் பெயர் ஒன்று. தமிழ்ப் பெயரை மாற்றிவிட்டு, வெளியில் கூப்பிடும் பெயரை மறதியில் விட்டுவிடுவார்கள். பர்மியப் பெயரை மாற்றினாலும் முதல் எழுத்தைப் பாருங்கள். பிறந்த கிழமையை வைத்துத்தான் முதல் எழுத்து வைப்பது அவர்கள் வழக்கம். 'ம' என்றால் வியாழன், 'ச' என்றால் செவ்வாய். அதே எழுத்தில் வேறு பெயர் வைத்தால் கிழமை அப்படியே நிற்கிறது, தெரிந்தவர் முடிச்சுப் போட்டுவிடுவார். வேறு கிழமைக்குரிய எழுத்தாக மாற்றுங்கள்.

## 6. முள்ளைப் பல்லவியில் வையுங்கள்

பல்லவி திரும்பத் திரும்ப வரும், அதனால் முள்ளுக்கு இடம் அதுதான். சரணங்கள் அந்த முள் ஏன் குத்தியது என்று காட்ட வேண்டும். தலைகீழாக எழுதினால், அதாவது பல்லவியில் அழுகையும் கடைசிச் சரணத்தில் நடந்த சங்கதியும் வந்தால், எதற்கு அழுகிறார் என்று தெரியாமலே கேட்பவர் பாதிப் பாட்டைத் தாண்டிவிடுவார்.

அந்தப் பல்லவி இப்படி வந்தது:

> வாசல் மிதிச்ச மூத்த புள்ள
> வந்த காலு ஆறலே, அம்மா
> பொட்டிச் சாவி எங்கேன்னுச்சே
> போன கதை கேக்கலே

நோட்டில் எழுதிய ஒற்றை வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது முதலில் வந்தது என்பது மூன்றாம் வரி, எது வரவில்லை என்பது நான்காம் வரி. கழற்றாத செருப்பு "வந்த காலு ஆறலே" ஆகிவிட்டது. துரோகம், நன்றி, நெஞ்சு என்று ஒரு சொல்கூட இல்லை.

சரணங்கள்:

> ராத்திரி முழுக்கத் தண்ணி கேட்டே
> ரெண்டு வாய்தான் இறங்குச்சு
> மூத்த முகம் பாக்கணும்னு
> முனகிக் கண்ணு உறங்குச்சு
>
> பெகு ரயிலு கூவும் போதும்
> பேரைச் சொல்லிக் கேட்டியே
> எட்டாத் தூரம் போன புள்ளைக்கு
> எட்டி வாசல் பாத்தியே

"பேரைச் சொல்லிக் கேட்டியே" என்பதில் பெயர் சொன்னதாக வருகிறது, பெயர் வரவில்லை. முதல் சரணத்தில் வரும் தண்ணீர் நிஜமா என்று நான் கேட்கவில்லை. நிஜமாகவே இருக்கட்டும், சாகக் கிடக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், யாரையும் காட்டிக் கொடுக்காது. எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்று இல்லை.

முதலில் எழுதியபோது இரண்டாம் சரணத்தில் "நன்றி கெட்ட புள்ள" என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டார். சாவியைக் கேட்டதை வைத்தே கேட்பவர் அந்த முடிவுக்கு வருவார், நாம் முந்திக்கொண்டு சொன்னால் அவருக்கு வேலை இல்லாமல் போகும்.

## 7. இரண்டு காதுகளில் சோதியுங்கள்

முதலில் கதை தெரியாதவரிடம் பாடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "அந்தப் புள்ள என்ன தப்பு செஞ்சது?" என்று கேளுங்கள். "அம்மாவைக் கேக்காம சாவியக் கேட்டுச்சு" என்று வந்தால் முள் நிற்கிறது. "அம்மாவைக் கவனிக்கல", "லேட்டா வந்துச்சு" என்று வந்தால் பாட்டு வேறு எதையோ சொல்கிறது, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

அப்புறம் கதை தெரிந்தவரிடம். அவரிடம் கேட்க வேண்டியது: "எந்த இடத்தில் எங்கள் வீடு தெரியுது?" அவர் காட்டும் இடத்தை வாதாடாமல் மாற்றுங்கள். வலி அதே வலிதானா என்றும் அவரைக் கேட்கலாம்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. தெரிந்தவரிடம் முதலில் போனால் அவர் சொல்லும் திருத்தம் எல்லாம் மறைப்பதற்காகவே இருக்கும், முள் தேய்ந்துவிடும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: அந்த அண்ணன் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். அதை எந்த மறைப்பும் தடுக்காது, தடுக்கவும் வேண்டாம். ஊர் அவரை நோக்கி விரல் நீட்ட முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இந்த வேலையின் எல்லை.

## 8. பாடும் நாளில் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

பாட்டில் மறைத்ததை மேடையில் உடைத்துவிடுவார்கள். "இது என் சொந்த வாழ்க்கையில் நடந்தது" என்று ஒரு முன்னுரை போதும், மாற்றிய சாவியும் ரயிலும் வீணாகிவிடும். பதிவு செய்து பேஸ்புக்கில் போடும்போது பின்னால் அம்மா படம் மாலையோடு தெரிகிறதா என்று பாருங்கள். அம்மாவின் நினைவு நாளன்று வெளியிடாதீர்கள்.

வீடு, நிலம், நகை பற்றிய தகராறு இன்னும் தீராமல் பெரியவர்கள் முன்னிலையிலோ கோர்ட்டிலோ இருந்தால் பாட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். பெயரை மாற்றியதால் பாதுகாப்பு வந்துவிடாது. உங்கள் காயத்துக்குள் இன்னொருவர் ரகசியம் இருந்தால், அதுவும் சின்னப் பிள்ளையின் விஷயமாக இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் எந்த மாற்றமும் போதாது.

அண்ணனே வந்து "என்னைப் பத்தியா பாடினே?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை முன்பே யோசித்து வையுங்கள். "இல்லவே இல்லை" என்று சத்தியம் பண்ண வேண்டாம், பத்துப் பேர் முன்னால் "ஆமாம்" என்றும் சொல்ல வேண்டாம். "உட்காருங்க, அப்புறம் தனியாப் பேசலாம்" என்று தங்கச்சி சொல்லி வைத்திருக்கிறார். இதுவரை அண்ணன் கேட்கவில்லை. முதல் பக்கம் எழுதிய தாளை மட்டும், பாட்டு மனப்பாடம் ஆன பிறகு, தங்கச்சி நோட்டிலிருந்து கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்.